ஒரு கோடு, ஒரு சராசரி, ஒரு காசு: சார்ட் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

2008 ஜனவரி 8ஆம் தேதி நிஃப்டி 6,357 புள்ளிவரை போனது. அந்த வாரத்தில்தான் என் பெரிய மாமா தன் ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை முதன்முதலாக இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டார். அக்டோபர் 27ஆம் தேதி நிஃப்டி 2,252ஐத் தொட்டது. போட்டதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சிய நிலை. அவர் எடுக்கவில்லை. "எப்ப எடுக்கப் போறீங்க மாமா?" என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: "போட்ட காசு வந்தாப் போதும்டா, அன்னிக்கே எடுத்துடுவேன்."

2010 நவம்பர் 5, தீபாவளி முகூர்த்த வர்த்தகத்தில் நிஃப்டி 6,338ஐத் தொட்டது. அடுத்த வேலை நாளிலேயே மாமா எடுத்துவிட்டார். அவரைப் போல இரண்டே முக்கால் வருடம் காத்திருந்த எத்தனையோ பேர் அந்த நாட்களில் எடுத்திருப்பார்கள். நிஃப்டி அங்கிருந்து இறங்கத் தொடங்கி, 2011 டிசம்பரில் 4,531வரை போனது. மாமாவைப் போன்றவர்கள் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ரிசர்வ் வங்கி அப்போது வட்டியைத் தொடர்ந்து உயர்த்திக்கொண்டிருந்தது. ஆனால் ரெசிஸ்டன்ஸ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் மாமாவின் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன். ஒரு விலையில் மாட்டிக்கொண்டவர்கள், அந்த விலை திரும்பி வரும்போது விற்கக் காத்திருக்கிறார்கள். அதனால் அங்கே வரத்து கூடுகிறது, ஏற்றம் திணறுகிறது.

சப்போர்ட் இதன் மறுபக்கம். ஒரு விலையில் வாங்காமல் விட்டு, பிறகு ஏறிப் போனதைப் பார்த்து வருந்தியவர்கள், விலை மறுபடி அங்கே இறங்கினால் வாங்கலாம் என்று இருக்கிறார்கள். அங்கே தேவை கூடி, இறக்கம் நிற்கிறது. இந்தக் கட்டுரையில் இந்த இரண்டையும் மூவிங் ஆவரேஜையும் ஒரு சார்ட்டில் நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். அதோடு, இதெல்லாம் கண்மயக்கம் என்று சொல்பவர்களின் வாதத்தையும் உங்கள் கையாலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்வது ஆபத்து என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் சார்ட்டைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்

உங்கள் புரோக்கர் ஆப்பில் உள்ள சார்ட்டே போதும். நிஃப்டி 50ஐத் திறந்து, ஒரு நாளுக்கு ஒரு கேண்டில் என்று வையுங்கள். ஐந்து நிமிட சார்ட் இப்போதைக்கு வேண்டாம். அதில் சத்தம்தான் அதிகம்.

விலை அச்சை லாக் அளவுக்கு மாற்றுங்கள். சாதாரண அளவில் 2,000 புள்ளியிலிருந்து 4,000க்குப் போனது ஒரு சின்ன மேடாகத் தெரியும், 20,000லிருந்து 22,000க்குப் போனதும் அதே உயர மேடாகத் தெரியும். முதலாவது பணம் இரட்டிப்பானது, இரண்டாவது பத்து சதவீதம். லாக் அளவில்தான் ஒரே சதவீதம் ஒரே உயரமாகத் தெரியும்.

தனிப் பங்கைப் பார்ப்பதானால் இன்னொன்றும் முக்கியம். போனஸ், ஸ்ப்ளிட் ஆகியவற்றுக்கு ஏற்பப் பழைய விலைகள் திருத்தப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் விலை பாதியாகும், உங்களிடம் உள்ள பங்குகள் இரட்டிப்பாகும், இழப்பு எதுவும் இல்லை. ஆனால் திருத்தாத சார்ட்டில் ஒரே நாளில் பாதாளத்தில் விழுந்ததுபோல் தெரியும். தொடங்கிய காலத்தில் நான் பயன்படுத்திய ஓர் ஆப் இதைச் செய்யாமல் இருந்தது. 200 நாள் சராசரி விலைக்கு வெகு உயரத்தில் நின்றது. அந்த ஆவரேஜை நம்பி, நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பங்கை விற்றேன். விலை ஒரே நாளில் சரியாகப் பாதியாகவோ ஐந்தில் ஒன்றாகவோ ஆகியிருந்தால், முதலில் போனஸ், ஸ்ப்ளிட் அறிவிப்பைத் தேடுங்கள்.

கோடு போடுவது

சார்ட்டை மாத அளவுக்கு மாற்றி 2007 முதல் 2013 நவம்பர் வரை மட்டும் திரையில் தெரியும்படி வையுங்கள். உயரமான முனைகள் மூன்று தெரியும். 2008 ஜனவரியில் 6,357. 2010 நவம்பரில் 6,338. 2013 நவம்பர் 3, அதுவும் தீபாவளி முகூர்த்த நாள், 6,343 அருகே. மூன்றுக்கும் இடையே இருபது புள்ளிகூட வித்தியாசம் இல்லை.

இப்போது கோடு போடுங்கள். ஆனால் மெல்லிய ஒற்றைக் கோடாக வேண்டாம். 6,280 முதல் 6,360 வரை ஒரு பட்டையாகப் போடுங்கள். ஏன் பட்டை என்றால், மாமாவைப் போன்றவர்கள் எல்லோரும் ஒரே புள்ளியில் வாங்கவில்லை. 2008 ஜனவரி முதல் இரண்டு வாரம் முழுக்க அந்த உயரத்தில் வாங்கியவர்கள் பரந்து கிடக்கிறார்கள். பட்டையின் அகலம் விலையில் ஒரு சதவீதம், ஒன்றரை சதவீதம் இருந்தால் போதும். ஐந்து சதவீதத்துக்குப் போட்டால் எந்த விலையும் அதில் விழும். பிறகு அந்தக் கோட்டுக்கு அர்த்தம் இல்லை.

அப்புறம் 2013 டிசம்பர் 9ஐப் பாருங்கள். முந்தைய நாள்தான் நான்கு மாநிலத் தேர்தல் முடிவுகள் வந்திருந்தன. நிஃப்டி பட்டையைத் தாண்டித் திறந்து 6,415வரை போனது. புதிய வரலாற்று உச்சம். ஏறக்குறைய ஆறு வருடத் தடை உடைந்துவிட்டது என்று பலரும் வாங்கினார்கள். ஆனால் அன்றே 6,364க்கு இறங்கி முடிந்தது. 2014 பிப்ரவரி 4ஆம் தேதி 5,933 வரை போனது. சார்ட் படிப்பவர்கள் இதைப் பொய்யான பிரேக்அவுட் என்பார்கள். உண்மையான உடைப்பு மார்ச்சில்தான் வந்தது. மார்ச் 6ஆம் தேதி 6,401ல் முடிந்தது, மறுநாள் 6,526ல் முடிந்தது. அதன்பிறகு நிஃப்டி அந்தப் பட்டைக்குத் திரும்பவே இல்லை.

இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? டிசம்பரில் விலை பட்டைக்கு மேலே எட்டிப் பார்த்தது, ஆனால் விட்டு விலகி முடியவில்லை. மார்ச்சில் இரண்டு நாள் தொடர்ந்து மேலே முடிந்தது, இரண்டாவது நாள் நன்றாக விலகியும் முடிந்தது. அதனால் நாள் நடுவில் தொட்ட உச்சத்தைப் பார்க்காதீர்கள், முடிவு விலையைப் பாருங்கள், பட்டையிலிருந்து குறைந்தது ஒரு சதவீதம் விலகி முடிந்ததா என்று பாருங்கள் என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் பார்க்கிறேன். இந்த விதி பொய் உடைப்புகள் எல்லாவற்றையும் தடுக்காது. சிலவற்றைத் தடுக்கும், பதிலுக்குக் கொஞ்சம் அதிக விலைக்கு வாங்க வைக்கும். அந்த விலையைத் தெரிந்தே கொடுக்கிறீர்கள்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. தடை உடைந்தால் அதுவே அடுத்து தாங்குநிலையாகும் என்று எல்லாப் பாடங்களிலும் வரும். 2014க்குப் பிறகு பலர் 6,350க்கு இறங்கினால் வாங்கலாம் என்று காத்திருந்தார்கள். 2016 பிப்ரவரி 29, பட்ஜெட் நாளில் 6,826 வரைதான் வந்தது. கொரோனா பீதியிலேகூட, 2020 மார்ச் 24 அன்று 7,511 வரைதான் வந்தது. சார்ட்டில் ஒரு கோடு இருக்கிறது என்பதற்காக விலை அங்கே வந்து காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சராசரியைக் கையால் போட்டுப் பாருங்கள்

மூவிங் ஆவரேஜை ஆப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால் போட்டுவிடலாம். ஆனால் ஒரே ஒரு முறை பென்சிலால் போட்டுப் பாருங்கள். ஒரு பங்கின் ஐந்து நாள் முடிவு விலை 100, 102, 101, 105, 107 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 515. ஐந்தால் வகுத்தால் 103. இதுதான் இன்றைய ஐந்து நாள் சராசரி. நாளைக்கு 110ல் முடிகிறது. இப்போது பழைய 100ஐத் தூக்கிப் போட்டுவிட்டு 110ஐச் சேருங்கள். 525. சராசரி 105. ஒவ்வொரு நாளும் ஒன்று உள்ளே வருகிறது, ஒன்று வெளியே போகிறது. அதனால்தான் நகரும் சராசரி என்கிறோம்.

கையால் போட்டுப் பார்த்தவர்களுக்கு மட்டும் உறைக்கும் விஷயம் ஒன்று உண்டு. சராசரி நாளை ஏறுமா இறங்குமா என்பதை நாளைய விலை மட்டும் தீர்மானிப்பதில்லை, வெளியே போகிற பழைய விலையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. 200 நாள் சராசரியில், உள்ளே வருகிற விலை 200 வர்த்தக நாளைக்கு முந்தைய விலையைவிட அதிகமாக இருந்தால் சராசரி ஏறும், குறைவாக இருந்தால் இறங்கும், அவ்வளவுதான். பத்து மாதத்துக்கு முன் ஒரு பெரிய சரிவு நடந்து, பிறகு சந்தை மீண்டிருந்தால், அந்தக் குறைந்த விலைகள் வெளியேறும் வாரத்தில் இன்றைய சந்தை சும்மா நின்றாலும் சராசரி மேலே திரும்பும். சராசரி மேல்நோக்கித் திரும்பிவிட்டது, நல்ல அறிகுறி என்று யாராவது சொன்னால், பத்து மாதத்துக்கு முந்தைய விலையைப் போய்ப் பாருங்கள். பாதி நேரம் காரணம் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது விஷயம், சராசரி எப்போதும் பின்னால் நடக்கும். ஐந்து நாள் சராசரி இரண்டு நாளுக்கு முந்தைய நிலவரத்தைச் சொல்கிறது, 200 நாள் சராசரி சுமார் நூறு வர்த்தக நாளுக்கு, அதாவது ஐந்து மாதத்துக்கு முந்தைய நிலவரத்தைச் சொல்கிறது. சமீபத்திய விலைக்குக் கூடுதல் எடை கொடுக்கும் இ.எம்.ஏ. என்ற வகையும் உண்டு. அது கொஞ்சம் சீக்கிரம் திரும்பும், அதே அளவுக்குச் சீக்கிரம் ஏமாறவும் செய்யும். தொடங்குபவர்களுக்குச் சாதாரண சராசரியே போதும்.

இப்போது ஆப்பில் 50 நாள், 200 நாள் என்று இரண்டு சாதாரண சராசரிகளைப் போடுங்கள். 50 நாள் கோடு 200 நாள் கோட்டைக் கீழிருந்து மேலே வெட்டினால் கோல்டன் கிராஸ், மேலிருந்து கீழே வெட்டினால் டெத் கிராஸ். முதலாவதில் வாங்கு, இரண்டாவதில் வில் என்பது புதியவர்கள் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தரப்படும் விதி.

அந்த விதி நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எப்போது உதவும், எப்போது கவிழ்க்கும் என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் எஸ்&பி 500 குறியீட்டில் இரண்டு சரிவுகளை எடுத்துக்கொள்வோம்.

2007 அக்டோபரில் தொடங்கிய சரிவு. டெத் கிராஸ் 2007 டிசம்பரில் வந்தது, குறியீடு அப்போது 1,480 அருகே. 2009 மார்ச் 9ல் அது 676ல் முடிந்தது. கோல்டன் கிராஸ் 2009 ஜூனில், 900க்குச் சற்றுக் கீழே வந்தது. உச்சியிலும் விற்கவில்லை, அடியிலும் வாங்கவில்லை. ஆனாலும் விதியைப் பின்பற்றியவர் 1,480ல் விற்று 900 அருகே வாங்கினார். கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் மலிவாக.

2020. குறியீடு பிப்ரவரி 19ல் 3,386. மார்ச் 23ல் 2,237. டெத் கிராஸ் எப்போது வந்தது தெரியுமா? மார்ச் 30ல், அடியைத் தொட்டு ஒரு வாரம் கழித்து. அன்றைய முடிவு 2,626. கோல்டன் கிராஸ் ஜூலை 9ல், 3,152ல் வந்தது. 2,626ல் விற்று 3,152ல் வாங்கியவர் இருபது சதவீதம் கூடுதல் விலை கொடுத்தார்.

ஒரே விதி, ஒரே குறியீடு. முதல் சரிவு பதினேழு மாதம் நீடித்தது, ஐந்து மாதம் பின்தங்கி நடக்கும் கோட்டுக்கு அது போதுமான அவகாசம். இரண்டாவது 23 வர்த்தக நாளில் முடிந்துவிட்டது. 50 நாள் சராசரியில் பாதிகூடப் புதிய விலைகள் நிரம்பாத நேரம் அது. சராசரி விதிகள் நீண்ட, மெதுவான போக்கில் உதவும், திடீரென்று விழுந்து திடீரென்று எழுவதில் உதவாது. சந்தை எந்தப் பக்கமும் போகாமல் நிற்கும் மாதங்களில் இன்னும் மோசம். விலை சராசரியை மேலும் கீழும் வெட்டிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் வாங்கி விற்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போகும். டெலிவரியில் வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி மட்டுமே போகிறது. ஒரு வருடத்துக்குள் விற்ற லாபத்துக்கு இருபது சதவீத வரி வேறு.

சிக்கல் என்னவென்றால், இப்போது தொடங்கியிருக்கும் சரிவு பதினேழு மாத வகையா, 23 நாள் வகையா என்பதைச் சராசரியைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியாது.

எதிர்ப்பவர்கள் சொல்வது

சார்ட் படிப்பதை எதிர்ப்பவர்களின் வாதத்தைச் சிலர் காது கொடுத்தே கேட்பதில்லை. அது தவறு. சந்தை பற்றிய மிகச் சிறந்த ஆய்வாளர்கள் சிலர் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

1959ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரி ராபர்ட்ஸ் வெறும் தற்செயல் எண்களை அடுக்கி ஒரு வரைபடம் போட்டார். பார்த்தால் பங்குச் சந்தை வரைபடம் போலவே இருந்தது. பிரின்ஸ்டன் பேராசிரியர் பர்ட்டன் மால்கியல் தன் மாணவர்களைக் காசு சுண்டிவிட்டு அப்படியொரு சார்ட் போடச் சொன்னார். தலை விழுந்தால் விலை கொஞ்சம் ஏறும், பூ விழுந்தால் கொஞ்சம் இறங்கும். அதில் ஒன்றைச் சார்ட் படிக்கும் நண்பரிடம் காட்ட, இது எந்த நிறுவனம், உடனே வாங்க வேண்டும் என்று அவர் துள்ளினார் என்கிறார் மால்கியல். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: காசு சுண்டிப் போட்ட சார்ட்டிலும் தடையும் தாங்குநிலையும் தெரிகிறது என்றால், நிஜ சார்ட்டில் நீங்கள் பார்ப்பதற்கு என்ன மதிப்பு?

இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது. 1992ல் ப்ராக், லக்கோனிஷோக், லெபரோன் என்ற மூன்று ஆய்வாளர்கள் டௌ ஜோன்ஸ் குறியீட்டின் 1897 முதல் 1986 வரையான விலைகளில் மூவிங் ஆவரேஜ் விதிகளையும், சப்போர்ட் ரெசிஸ்டன்ஸ் உடைப்பு விதிகளையும் சோதித்தார்கள். விதிகள் வாங்கச் சொன்ன நாட்களின் லாபம் விற்கச் சொன்ன நாட்களைவிட உண்மையாகவே அதிகமாக இருந்தது. சார்ட் பக்கம் இருப்பவர்கள் இன்றும் இதைக் காட்டுவார்கள். 1999ல் சல்லிவன், டிம்மர்மன், வைட் மூவரும் கிட்டத்தட்ட 7,800 விதிகளை எடுத்து அதே குறியீட்டில் ஓட்டினார்கள். 1986வரை மிகச் சிறந்ததாக இருந்த விதி, அடுத்த பத்து வருடத்தில் அந்தச் சிறப்பைத் தொடரவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பது புரிய வேண்டும். ஆயிரம் பேரைப் பத்து முறை காசு சுண்டச் சொல்லுங்கள். யாராவது ஒருவருக்குப் பத்தும் தலையாக விழ நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவருக்குத் திறமை எதுவும் இல்லை, ஆயிரம் பேரில் ஒருவர் அவ்வளவுதான். 7,800 விதிகளைப் பழைய விலையில் ஓட்டிவிட்டு நன்றாக வேலை செய்த ஒன்றைப் பொறுக்கி எடுத்தால் அதுவும் அந்த ஆயிரத்தில் ஒருவர்தான். 50க்குப் பதில் 47, 200க்குப் பதில் 183 என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கடைசியில் பொருந்துகிற எண்ணை எடுப்பவர்கள் செய்வதும் இதுவே. அதனால்தான் 50, 200 என்று எல்லோரும் வைத்திருக்கும் எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். அவற்றில் மந்திரம் இல்லை, ஆனால் நீங்கள் பொறுக்கியவை இல்லை.

சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் முழுக்கக் கண்மயக்கம் என்றும் சொல்லிவிட முடியாது. நியூயார்க் மத்திய வங்கியில் இருந்த கரோல் ஆஸ்லர், ஆறு நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிய அந்நியச் செலாவணி சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் எண்களை எடுத்து, தற்செயலாகப் பொறுக்கிய எண்களோடு ஒப்பிட்டு 2000ல் எழுதினார். விலை திரும்புவது அந்த நிறுவனங்களின் எண்களில் கூடுதலாகவே நடந்தது. லாபம் எடுக்கும் ஆர்டர்கள் முழு எண்களில் குவிகின்றன, நஷ்டத்தை நிறுத்த முன்கூட்டியே வைக்கும் ஸ்டாப்லாஸ் ஆர்டர்கள் அவற்றைச் சற்றுத் தாண்டிக் குவிகின்றன என்பதையும் பிறகு ஆர்டர் பதிவுகளிலேயே காட்டினார். மாமாவின் வாக்கியத்துக்கு ஆதாரம் போல எனக்கு இது படுகிறது. மனிதர்கள் முழு எண்களையும் தாங்கள் வாங்கிய விலையையும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் விலை கூடுதலாகத் திரும்புகிறது என்பது ஒரு பக்கம், கட்டணம் கழித்து உங்கள் கையில் லாபம் மிஞ்சுகிறது என்பது இன்னொரு பக்கம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நேராகத் தாவக் கூடாது. ஸ்டாப்லாஸ் வைப்பதானால், எல்லோரும் வைக்கும் முழு எண்ணுக்கு ஒட்டி வைக்காதீர்கள் என்ற அளவுக்கு இந்த ஆய்விலிருந்து நேரடிப் பயன் உண்டு.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

niftyindices.com தளத்தில் நிஃப்டி 50இன் பழைய விலைகளை இறக்கிக்கொள்ளலாம். பத்து வருட விலையை எடுத்து கூகுள் ஷீட்டில் A பத்தியில் தேதி, B பத்தியில் முடிவு விலை என்று வையுங்கள். முதல் வரிசை தலைப்புக்கு. இறக்கிய கோப்பில் புதிய தேதி மேலே இருக்கலாம். பழையது மேலே, புதியது கீழே என்று வரிசைப்படுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தலைகீழாக இருந்தால் சராசரி எதிர்கால விலையில் போடப்பட்டு, கணக்கு அபாரமான லாபம் காட்டும்.

விதி எளிமையானது. விலை 200 நாள் சராசரிக்கு மேலே முடிந்தால் உள்ளே இரு, கீழே முடிந்தால் வெளியே இரு.

```
C201:  =AVERAGE(B2:B201)
D201:  =IF(B201>C201,1,0)
E202:  =D201*(B202/B201-1)-0.0015*ABS(D201-D200)
F202:  =B202/B201-1
```

நான்கையும் கடைசி வரிசைவரை இழுத்துவிடுங்கள். E என்பது விதியின் படி கிடைத்தது, F என்பது வாங்கிவிட்டுச் சும்மா இருந்தவருக்குக் கிடைத்தது. 0.0015 என்பது ஒவ்வொரு முறை உள்ளேயோ வெளியேயோ போகும்போது வரி, கட்டணம் என்று நான் கழித்தது.

E202ல் D202 இல்லை, D201 இருப்பதைக் கவனியுங்கள். நேற்றைய முடிவு விலையைப் பார்த்து எடுத்த தீர்மானத்துக்குத்தான் இன்றைய லாபம் சேரும். இதில் தவறி D202 என்று போட்டுவிட்டால், ஏறிய நாளில் ஏறியதைப் பார்த்து உள்ளே போய் அதே ஏற்றத்தையும் எடுத்துக்கொண்டதாகக் கணக்கு வரும். பார்ப்பதற்கு அற்புதமாக இருக்கும் பழைய விலைக் கணக்குகளில் நான் பார்த்தவரை மிக அதிகமான தவறு இதுதான். மொத்த லாபத்துக்கு:

```
=ARRAYFORMULA(PRODUCT(1+E202:E2600))-1
=ARRAYFORMULA(PRODUCT(1+F202:F2600))-1
```

இந்தக் கணக்கில் டிவிடெண்ட் இல்லை, வெளியே இருந்த நாட்களில் பணத்துக்குக் கிடைத்திருக்கும் வட்டியும் இல்லை. அதோடு முடிவு விலையிலேயே வாங்கியதாக வைத்திருக்கிறோம். நிஜத்தில் மறுநாள் காலை விலைதான் கிடைக்கும். இரண்டு மொத்தங்களை மட்டும் ஒப்பிட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். E பத்தி எந்த வருடத்தில் F பத்தியைவிட நன்றாகச் செய்தது, எந்த வருடத்தில் தோற்றது என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு பெரிய சரிவுகள்தான் விதியைக் காப்பாற்றியிருக்கும், மற்ற வருடங்களில் அது சும்மா இருந்தவரைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்திருக்கும். அந்த மாதிரி ஐந்து வருடம் பொறுத்துக்கொண்டு விதியை விடாமல் பிடித்திருக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அந்த விதி உங்களுக்கு இல்லை.

அடுத்தது மால்கியலின் சோதனை. புதிய ஷீட்டில் H2ல் 10000 என்று போட்டு, H3ல் இதைப் போட்டு 500 வரிசை இழுங்கள்.

```
=H2*(1+NORMINV(RAND(),0,0.01))
```

ஒவ்வொரு முறை ஷீட்டைத் தொடும்போதும் எண்கள் மாறும். பிடித்த ஒன்றை மதிப்புகளாக மட்டும் வேறு பத்தியில் ஒட்டிவிட்டு, கோட்டு வரைபடம் போடுங்கள். மூன்று நான்கு முறை செய்தால் போதும், மேலே நான் சொன்ன 6,300 போன்ற பட்டை ஒன்று உங்கள் கண்ணில் படும். மூன்று முறை தொட்டுத் திரும்பியிருக்கும், நான்காவது முறை உடைத்திருக்கும். அங்கே எந்த மாமாவும் இல்லை.

முதன்முதலாக அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்தைந்து சார்ட் அச்சடித்து, தேதியும் விலையும் தெரியாமல் மறைத்து, சில நிஃப்டி, சில காசு சார்ட் என்று கலந்து தரும்படி மனைவியிடம் கேட்டேன். எது நிஜம் என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் பத்தில் ஆறு சரியாகச் சொன்னேன், சந்தோஷப்பட்டேன். பிறகுதான் கணக்குப் போட்டேன்: பத்து முறை காசு சுண்டினாலே ஆறோ அதற்கு மேலோ சரியாக வர நூற்றுக்கு 38 வாய்ப்பு உண்டு. இருபத்தைந்தையும் முடித்தபோது பதினான்கு.

இருபத்தைந்தில் பதினெட்டோ அதற்கு மேலோ சரியாக வந்தால் அது தற்செயலாக வர நூற்றுக்கு இரண்டு வாய்ப்புதான். அப்போது உங்கள் கண் எதையோ நிஜமாகப் பிடிக்கிறது என்று சொல்லலாம். ஆனாலும் அது நிஜ சார்ட்டை அடையாளம் காண்பது மட்டுமே. அடுத்து விலை எங்கே போகும் என்பதற்கு, அதே சார்ட்டுகளின் கடைசி முப்பது நாளை மறைத்துவிட்டு இன்னொரு முறை உட்கார வேண்டும். என் பதினான்கைப் பார்த்த பிறகு நான் சார்ட்டில் பட்டை போடுவதை நிறுத்தவில்லை. பட்டையைப் பார்த்து வாங்குவதை நிறுத்தினேன். வேறு காரணத்துக்காக வாங்கிய பங்கில், எந்த விலைக்குக் கீழே முடிந்தால் என் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொண்டு வெளியேறுவேன் என்று முன்கூட்டியே எழுதி வைக்க மட்டும் அந்தக் கோட்டைப் பயன்படுத்துகிறேன். வாங்கும் அன்றே, தேதியோடு, நோட்டில்.